இரண்டு முட்களும் ஒன்றாகத் தெரிந்தால் மணி என்ன?

புகைப்படத்தில் உள்ள கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்ல, எந்த முள் எது என்பது முதலில் தெளிவாக வேண்டும். குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பது மணி முள். நீளமாக, முகப்பின் விளிம்பில் உள்ள நிமிடக் கோடுகள் வரை எட்டுவது நிமிட முள். நொடி முள் ஊசிபோல் மெல்லியது. பல கடிகாரங்களில் அது சிவப்பாக இருக்கும்; மணி சொல்வதற்கு அது தேவையில்லை.

நிமிட முள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது. மணி முள் அதே நிமிடத்தில் அரைப் பாகைதான் நகர்கிறது, ஆனால் ஒரு கணமும் நிற்பதில்லை. அதனால் 3:15 மணிக்கு மணி முள் 3-இன் மேல் இருக்காது. 3-ஐத் தாண்டி, 4-ஐ நோக்கிக் கால் பங்கு தூரம் போயிருக்கும். 3:15-ஐ வரையச் சொன்னால் பலர் இரண்டு முட்களையும் 3-இன் மேலேயே போட்டுவிடுவார்கள். ஓடும் கடிகாரத்தில் அப்படி ஒரு நிலை வரவே வராது. முட்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும்போது மணி தவறிப்போவதற்கும் இதே மறதிதான் காரணம்.

நிமிட முள் மணி முள்ளைவிட வேகமாகச் சுற்றுவதால் அதைத் துரத்திப் பிடித்துத் தாண்டிச் செல்கிறது. 12 மணி நேரத்தில் இந்தச் சந்திப்பு 12 முறை நடக்கும் என்று தோன்றும். நடப்பது 11 முறைதான். ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 65 நிமிடமும் சுமார் 27 நொடியும் ஆகும். 12 மணிக்குச் சேர்ந்திருக்கும் முட்கள் அடுத்து 1:05-க்குப் பிறகும், அதன்பின் 2:11-ஐ ஒட்டியும், பின்னர் 3:16-க்குப் பிறகும் சந்திக்கின்றன. மணியை ஐந்தரையால் பெருக்கினால் சந்திக்கும் நிமிடம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். 4 மணி என்றால் 22 நிமிடம், 8 மணி என்றால் 44 நிமிடம். பிழை அரை நிமிடத்தைத் தாண்டாது.

ஒரு புகைப்படத்தில் 10-க்குச் சற்று முன்னால் ஒரே ஒரு முள் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முள்ளை மையத்திலிருந்து நுனி வரை கண்ணால் தொடர்ந்து போனால், பாதித் தூரத்துக்கு மேல் வந்ததும் தடிமன் சட்டென்று குறைகிறது. மணி முள் முடிவது அந்த இடத்தில்தான். அதற்கு அப்பால் நீள்வது நிமிட முள். நுனி 10-க்கு ஒரு கோடு முன்னால், 49-ஆவது நிமிடக் கோட்டில் நிற்கிறது.

இனி மணியைச் சொல்ல வேண்டும். முள் 10-ஐ ஒட்டி நிற்பதால் 10:49 என்று சொல்லிவிடுவது வழக்கமான தவறு. 10:49 என்றால் மணி முள் 10-ஐத் தாண்டி 11-ஐ நெருங்கியிருக்க வேண்டும். இங்கே அது 10-ஐ இன்னும் தொடவில்லை. மணி முள் கடைசியாகக் கடந்த எண்ணே மணி என்பதால், சரியான நேரம் 9:49. 9:50 ஆகியிருந்தால் நிமிட முள் சரியாக 10-இல் நின்றிருக்கும், மணி முள் அதற்கு 5 பாகை பின்னால் இருந்திருக்கும். அகலமான முட்களில் அந்த இடைவெளி மங்கலாகத் தெரியும் என்பதால், இத்தகைய படங்களில் ஒரு நிமிடம் முன்பின் ஆவதைத் தவிர்க்க முடியாது.

சுவரில் உயரமாக மாட்டிய கடிகாரத்தைக் கீழிருந்து படமெடுத்தால் வட்டம் நசுங்கித் தெரியும். அப்போது கோணத்தை மனத்தால் மதிப்பிடுவது ஏமாற்றும். முகப்பிலுள்ள கோடுகளும் முட்களும் சேர்ந்தே நசுங்குவதால், முள்ளின் நுனியை அதன் அருகிலுள்ள கோட்டோடு ஒப்பிட்டுப் படிப்பதே சரி.

11-க்கும் 12-க்கும் நடுவே முட்கள் சந்திப்பதே இல்லை. அந்தச் சந்திப்பு சரியாக 12 மணிக்குப் போய்விடுகிறது. படத்தில் அந்த இடைவெளியில் இரண்டும் சேர்ந்து நின்றால், படம் சாய்ந்திருக்க வேண்டும் அல்லது ஏதோ ஒரு முள் தன் இடத்திலிருந்து நழுவியிருக்க வேண்டும்.

கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய படத்தை மட்டும் இந்தச் சோதனையால் பிடிக்க முடியாது. 9:49-இன் பிம்பம் 2:11 போலத் தெரியும். அதுவும் முட்கள் சந்திக்கும் நேரம்தான். எண்கள் எழுதிய முகப்பானால் அவை இடவலமாகப் புரண்டிருப்பதைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். வெறும் கோடுகள் மட்டும் உள்ள முகப்பானால், படத்தின் ஓரத்தில் உள்ள பெயர்ப்பலகையோ வேறு எழுத்தோதான் எது சரி என்று சொல்லும்.