'ம்' என்று மட்டும் பதில் வந்தால்

இறப்புச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் 'ஆழ்ந்த இரங்கல்', 'ஆன்மா சாந்தியடையட்டும்', கும்பிடும் கைகள் என்று வரிசையாக வந்து விழுகின்றன. இவற்றுக்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. சேதி தெரிந்தது, உங்கள் பக்கம் இருக்கிறோம் என்று சொல்வதோடு அவற்றின் வேலை முடிந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தபந்தம் ஊர் திரும்பிய பிறகு நடக்கும் பேச்சுதான் கடினம்.

அப்பாவை இழந்த ஒருவருக்கு இருபது நாள் கழித்து நண்பர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

'எப்படிடா இருக்க?'
'இருக்கேன்.'
'அம்மா?'
'ம்.'
'சாப்பிட்டியா?'
'ஆச்சு.'

எழுதியவர் குழம்பிப்போகிறார். தொந்தரவு செய்கிறோமோ, நம்மேல் கோபமோ? பெரும்பாலும் இரண்டும் இல்லை. துக்கத்தில் இருப்பவர் நாள் முழுக்க அழுதுகொண்டிருப்பதில்லை. இழப்பை நினைத்து உடைவதும், அதை ஒதுக்கிவிட்டு அன்றாட வேலையைப் பார்ப்பதும் மாறி மாறி நடக்கும் என்று மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினார்கள். இறப்புச் சான்றிதழோடு வங்கியில் நிற்கும் நேரத்தில் 'எப்படி இருக்க' என்று வந்தால், அதற்கு உண்மையாகப் பதில் சொல்ல அங்கேயே உடைய வேண்டும். 'இருக்கேன்' என்பது அந்த நேரத்தைக் கடக்க உதவும் சொல்.

இங்கே பலரும் 'தைரியமா இரு, அம்மாவுக்கு நீதான்' என்று எழுதிவிடுகிறார்கள். அன்போடு சொன்னாலும் அது இன்னொரு சுமை. 'எது வேணும்னாலும் கேளு' என்பதும் அதிகம் உதவாது. என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையையும் அவர் தலையிலேயே வைக்கிறது.

அந்த 'ஆச்சு'வுக்கு இப்படி எழுதிப் பார்க்கலாம்: 'சரிடா. இதுக்குப் பதில் போடணும்னு இல்ல. சனிக்கிழமை காலைல வண்டி எடுத்துட்டு வர்றேன். வாரிசு சான்றிதழ் விஷயமா தாலுகா ஆபீஸ் போகணும்னா சேர்ந்து போயிடலாம். வேணாம்னா வேணாம்னு மட்டும் போடு.' கேள்வியே இல்லை. உதவிக்கு நாளும் வேலையும் குறித்தாயிற்று, மறுக்கவும் ஒரு சொல் போதும். அதற்கும் 'ம்' வந்தால் சனிக்கிழமை போய்விட வேண்டியதுதான்.

அடுத்த வாரம் ஒரு நினைவை அனுப்பலாம்: 'நம்ம சைக்கிள் செயின் கழண்டப்ப உங்கப்பா ஆபீஸ் சட்டையோட தரையில உக்காந்து மாட்டிவிட்டாரே, ஞாபகம் வந்துச்சு.' இறந்தவரின் பேச்சை எடுத்தால் புண்ணைக் கிளறியதாகும் என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பாவைப் பற்றி யாருமே பேசாமல் போவதுதான் பலரை அதிகம் வருத்துகிறது. நீளமான பதில் வருவதும் இப்படிப்பட்ட செய்திக்குத்தான்.

எல்லாச் சுருக்கமும் ஒன்றல்ல. 'நானும் போயிருக்கலாம்' போன்ற வரி வந்தால் ஆறுதல் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே போன் செய்து, 'சாகணும்னு தோணுதாடா?' என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல் வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் இலவச எண் 14416ஐ அழைக்கலாம்.