மங்காமல் அணையும் டார்ச்

இரண்டு அல்கலைன் செல் போட்ட பழைய குண்டு பல்பு டார்ச், தன் முடிவை முன்கூட்டியே காட்டிவிடும். வெளிச்சம் மஞ்சளாகும், பிறகு செம்மஞ்சளாகும், கடைசியில் பல்புக்குள் கம்பி சிவந்திருப்பது மட்டும் தெரியும். நல்ல எல்.இ.டி. டார்ச் பலவற்றில் இப்படி எந்த அறிகுறியும் இருக்காது. ஒரு நிமிடம் முன்புவரை பளிச்சென்று எரிந்தது சட்டென அணைந்துவிடும்.

புது அல்கலைன் செல் ஒன்று 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே இருக்கும். எரிய எரிய அது சரிந்துகொண்டே வந்து, 0.9 வோல்ட் அளவில் ஏறக்குறைய காலியாகிறது. அத்துடன் செல்லுக்குள் இருக்கும் மின்தடையும் கூடுகிறது. பழைய டார்ச்சில் செல்லுக்கும் பல்புக்கும் நடுவே சுவிட்சைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் செல்லின் சரிவு அப்படியே வெளிச்சத்தில் தெரிகிறது, அதுவும் பெரிதாகி. இரண்டு செல்லும் சேர்ந்து 3 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கு இறங்கினால், வெளிச்சம் சுமார் கால் பங்காகக் குறைந்துவிடும்.

எல்.இ.டி. டார்ச்சில் நடுவே ‘டிரைவர்’ என்ற சிறு மின்சுற்று இருக்கிறது. செல் எந்த நிலையில் இருந்தாலும் எல்.இ.டி.க்கு ஒரே அளவு மின்னோட்டம் போகும்படி பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதே இரண்டு அல்கலைன் செல்லை இதில் போடுவோம். டிரைவருக்கு 1.2 வாட் தேவை என்று வைத்துக்கொண்டால், 3 வோல்ட்டில் அது 0.4 ஆம்பியர் இழுக்கும். 2 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே வாட்டுக்கு 0.6 ஆம்பியர் இழுத்தாக வேண்டும். செல் தளரத் தளர அதன்மேல் சுமை ஏறுகிறது. கூடுதலாக இழுப்பதால் வோல்ட் இன்னும் இறங்குகிறது. இறங்கியதால் மேலும் இழுக்கிறது. கடைசிக் கட்டத்தில் இந்தச் சுழல் வேகமெடுத்து, டிரைவர் இயங்கத் தேவையான வோல்ட்டும் இல்லாமல் போகிறது. ஆக, அல்கலைன் செல்லே கூட இந்த டார்ச்சில் சட்டென்று நின்றுவிடும்.

லித்தியம் அயான் செல்லில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நிறைந்த நிலையில் 4.2 வோல்ட் இருக்கும் அந்தச் செல், பெரும்பாலான நேரம் 3.6 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில் செங்குத்தாக விழும். அதற்கு மேலும் வடியவிட்டால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும், மறுபடி சார்ஜ் செய்வது ஆபத்தாகும். ஆகவே பாதுகாப்புச் சுற்று 2.5 முதல் 3 வோல்ட்டுக்குள் எங்கோ ஓரிடத்தில் தானே இணைப்பைத் துண்டிக்கிறது.

நடு இருட்டில் டார்ச் இப்படி அணைந்தால், மிகக் குறைந்த வெளிச்ச நிலைக்கு மாற்றிப் பார்க்கலாம். இழுக்கும் மின்னோட்டம் குறைவதால் செல்லின் வோல்ட் சற்று மேலேறி, பல டார்ச்சுகள் மீண்டும் கொஞ்ச நேரம் எரியும். இந்த டார்ச் கைவிட்ட அல்கலைன் செல்லைச் சுவர்க்கடிகாரத்தில் போட்டாலும் ஓடும், ஏனென்றால் அதற்குத் தேவை மிகச் சிறிய மின்னோட்டம்தான்.