பாட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணுமா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பேரன் பேத்தி முகத்தை ஆறு இன்ச் போனில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற தாத்தா பாட்டிகள் இல்லாத வீடு இன்று குறைவு. கை நடுங்கினால் போனும் நடுங்கும். பேச்சு நடுவே விரல் பட்டு கால் கட்டாகும். ‘மேஜை மேல ஒரு பெரிய ஸ்கிரீன் வெச்சுக் கொடுத்துட்டா நிம்மதியா பேசுவாங்களே’ என்று யோசிப்பது நியாயம்தான்.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? கடையில் ‘பிராசஸர் என்ன, கிராபிக்ஸ் கார்டு வேணுமா’ என்று பேச்சு திரும்பும் இடத்தில். பெரியவர்களுக்கான கம்ப்யூட்டரில் வேகம் பெரிய விஷயமே இல்லை. நீங்கள் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அது மக்கர் பண்ணாமல் இருக்கணும். அதுதான் விஷயம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் தனியாக இருக்கும் 74 வயதுப் பாட்டி. பேத்தி பெங்களூரில், மகன் வெளிநாட்டில். பாட்டிக்குத் தேவை இரண்டே இரண்டு: வாட்ஸ்அப் வீடியோ கால், யூடியூபும் செய்தியும் பார்க்க பிரவுஸர். இவருக்கு என்ன வாங்கலாம்?

முதல் கேள்வி: யாரிடம், எதில் பேசுவாங்க?

எந்தப் பெட்டி வாங்குவது என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்யும். குடும்பம் மொத்தமும் கூகுள் மீட்டில் பேசுகிறது என்றால் கவலையே இல்லை. அது பிரவுஸரிலேயே ஓடும் என்பதால் லினக்ஸ் மின்ட், குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என எது இருந்தாலும் போதும். ஆனால் வாட்ஸ்அப்தான் என்றால் கதை வேறு. லினக்ஸுக்கு வாட்ஸ்அப்பின் அதிகாரபூர்வ ஆப் கிடையாது. விண்டோஸுக்கு உண்டு, அதில் வீடியோ காலும் உண்டு. நம் பாட்டிக்கு வாட்ஸ்அப்தான் உலகம் என்பதால் விண்டோஸ் 11 என்று முடிவாகிவிட்டது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் கணக்கு போனில்தான் இருக்கும். போனில் வாட்ஸ்அப்பை 14 நாட்களுக்கு மேல் திறக்காவிட்டால், இணைத்த கம்ப்யூட்டரில் தானாகவே லாக்-அவுட் ஆகிவிடும். ‘இப்போதான் பெரிய ஸ்கிரீன் வந்துடுச்சே’ என்று பாட்டி போனை அலமாரியில் வைத்துவிட்டால், இரண்டு வாரம் கழித்து கம்ப்யூட்டரில் கியூஆர் கோடு வந்து நிற்கும். அவர் பயந்துவிடுவார். அதனால் போன் சார்ஜில் இருக்கட்டும், தினமும் ஒருமுறை அதில் வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்லுங்கள்.

பெட்டி: சின்னதே போதும், ஆனால் இந்த மூன்றைப் பாருங்க

இன்டெல் என்100 போன்ற சிப் உள்ள மினி பிசி இந்த வேலைக்குத் தாராளம். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும், அதிகம் சூடாகாது, மின்சாரமும் மிகக் குறைவாகத்தான் எடுக்கும். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இதற்கு மேல் செலவழிப்பது பாட்டிக்குத் தெரியப்போவதில்லை.

குறைத்தால் மட்டும் தெரியும். ரொம்ப மலிவான பெட்டிகளில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி eMMC என்ற சேமிப்பும் இருக்கும். விண்டோஸ் 11-க்கான குறைந்தபட்சத் தேவை அதுதான் என்று கடைக்காரர் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் சில மாதங்களில் அப்டேட்கள் இடத்தை அடைத்துவிடும், அடுத்த அப்டேட் இறங்க இடமே இருக்காது. ஆக, விவரப் பட்டியலில் eMMC என்று பார்த்தால் அடுத்த மாடலுக்குப் போங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் இருக்கிறதா? மினி பிசிகள் பல Barebone என்ற பெயரில் ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் மூன்றும் இல்லாமல் விற்கப்படுகின்றன. FreeDOS என்று போட்டிருந்தால் விண்டோஸ் இல்லை என்று அர்த்தம். விண்டோஸ் இருந்தாலும், முதல்முறை ஆன் செய்ததும் Settings > System > Activation போய் Active என்று இருக்கிறதா பாருங்கள்.

மூன்றாவது, பழைய கம்ப்யூட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலுவலகங்களிலிருந்து கழித்த நல்ல கம்ப்யூட்டர்கள் கிடைக்கும். வாங்கலாம். ஆனால் இன்டெல் என்றால் 8-ம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்கணும். அதற்கு முந்தையவற்றை, அபூர்வமான ஒன்றிரண்டு தவிர, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது.

‘ஆல்-இன்-ஒன் வாங்கிட்டா வயரே இருக்காதே?’ என்று கேட்கலாம். பார்க்க அழகுதான். ஆனால் ஸ்கிரீனில் கோளாறு என்றால் மொத்தமாகத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடணும். அதுவரை பாட்டிக்கு எதுவும் இல்லை. மினி பிசி தனி, மானிட்டர் தனி என்றால் கெட்டுப்போனதை மட்டும் மாற்றலாம். மானிட்டரின் பின்பக்கத் துளைகளில் மினி பிசியை மாட்டிவிட்டால் மேஜையும் காலியாக இருக்கும்.

கண்ணும் காதும்: பணத்தை இங்கே போடுங்க

பெட்டியில் மிச்சம் பிடித்ததை மானிட்டரில் போடுங்கள். 27 இன்ச், 1920×1080 போதும். ‘4கே எடுங்க சார்’ என்பார்கள். வேண்டாம். அதே அளவு ஸ்கிரீனில் 4கே என்றால் எழுத்துகளை மேலும் பெரிதாக்க வேண்டிவரும், செலவும் கூடும். Settings > System > Display-இல் Scale-ஐ 150% ஆக்கினால் எழுத்து பளிச்சென்று தெரியும்.

இங்கேதான் பெரும்பாலானோர் சிக்குகிறார்கள். மினி பிசிகள் பெரும்பாலானவற்றில் கேமராவும் கிடையாது, மைக்கும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. மானிட்டரில் ஸ்பீக்கர் இருந்தாலும் சத்தம் முனகலாகத்தான் வரும். காது கொஞ்சம் மந்தம் என்றால் வீடியோ கால் ஊமைப்படம்தான். எனவே மைக் உள்ள 1080பி யுஎஸ்பி வெப்கேம் ஒன்று, முன்பக்கம் சத்தத்தைத் திருகிக் கூட்டுகிற மாதிரி ஒரு ஜோடி ஸ்பீக்கர் தனியாக வாங்குங்கள். திரையில் சத்தத்தைக் கூட்டச் சொல்வதைவிட ‘அந்தத் திருகாணியைத் திருப்புங்க பாட்டி’ என்று சொல்வது எளிது.

கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் எவ்வளவு நல்ல கேமராவிலும் முகம் இருட்டாகத்தான் தெரியும். ஜன்னல் முன்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீபோர்டும் மவுஸும் வயர் உள்ளவையே நல்லது, பேட்டரி தீர்ந்துபோனது என்ற போன் கால் வராது.

கரன்ட் போனாலும் கால் கட்டாகக் கூடாது

மினி பிசிக்கு 15 வாட், மானிட்டருக்கு 25, ரவுட்டருக்கு 10 என்று வைத்தால் மொத்தம் சுமார் 50 வாட். சாதாரண 600 விஏ யுபிஎஸ்ஸே புது பேட்டரியோடு இதை அரை மணி நேரம் தாங்கும். ஒரே கண்டிஷன்: ரவுட்டரும் அதே யுபிஎஸ்ஸில் இருக்கணும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்து, நெட் மட்டும் போனால் என்ன பயன்? ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தால் வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளில் இணைத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று வருடங்களில் யுபிஎஸ் பேட்டரி சோர்ந்துபோகும். கரன்ட் போன நொடியே எல்லாம் அணைந்தால் அதுதான் அடையாளம். புது யுபிஎஸ் தேவையில்லை, பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு மதியம் உட்கார்ந்து செய்ய வேண்டியவை

பெட்டியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள். இரண்டு கணக்குகள் உருவாக்குங்கள்: உங்களுக்கு Administrator, பாட்டிக்கு Standard User. பாட்டியின் கணக்கிலிருந்து எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் அநேகமாக உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். பாதி தொல்லை இதிலேயே போய்விடும்.

வயதானவர்களுக்கு டபுள் கிளிக் கஷ்டம். இரண்டாவது கிளிக் விழுவதற்குள் மவுஸ் நகர்ந்துவிடும். அதனால் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான்களை நீக்கிவிட்டு, வாட்ஸ்அப்பையும் குரோமையும் மட்டும் கீழே டாஸ்க்பாரில் பின் செய்யுங்கள். அங்கே ஒரு கிளிக் போதும். பாட்டியின் இரண்டு வேலைக்கு இரண்டே படம்.

அடுத்து குரோமில் இந்த முகவரியை டைப் செய்யுங்கள்:

```
chrome://settings/content/notifications
```

எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்ப முடியாதபடி இங்கே தடுத்துவிடுங்கள். ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கு’ என்று மூலையில் எட்டிப்பார்க்கும் பயமுறுத்தல்களில் பல, எப்போதோ தெரியாமல் Allow அழுத்தியதால் வருபவை.

விண்டோஸ் அப்டேட் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அணைக்கும்போது சில நாட்களில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ‘அது தானா அணையும், சுவிட்சை மட்டும் பிடுங்காதீங்க’ என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

தூரத்திலிருந்து உதவுவது எப்படி?

remotedesktop.google.com-இல் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை அமைத்து 6 இலக்க பின் வைத்துவிட்டால், பெங்களூரிலிருந்தே பாட்டியின் ஸ்கிரீனைப் பார்த்துச் சரிசெய்யலாம். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் ஆனில் இருந்து, நெட்டும் இருந்தால்தான் இது நடக்கும். நெட்டே போய்விட்டால் ‘ரவுட்டரை அணைச்சுப் போடுங்க’தான் வழி. ரவுட்டரில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவைத்தால் போனில் சொல்லிப் புரியவைப்பது சுலபம்.

மோசடிக்காரர்கள் கேட்பதும் இதே மாதிரி ரிமோட் அனுமதியைத்தான். எனவே பாட்டியிடம் ஒரே விதி: ‘கம்ப்யூட்டரைச் சரிபண்ண நான் மட்டும்தான் கேட்பேன். வேற யார் கேட்டாலும் கட் பண்ணிடுங்க.’ போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுபவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பாட்டியின் போனில் வாட்ஸ்அப் Settings > Privacy > Calls போய் Silence unknown callers-ஐ ஆன் செய்துவிட்டால், தெரியாத எண்ணிலிருந்து வரும் கால் மணியடிக்காது. அதையும் மீறிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணையும் அந்தச் சீட்டிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் நீங்கள் பக்கத்து அறைக்குப் போய் உங்கள் போனிலிருந்து பாட்டிக்கு வீடியோ கால் போடுங்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே எடுத்து, பேசி, வைக்கட்டும். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இன்னொரு முறை. இரண்டு முறையும் முகம் தெரிந்து குரல் கேட்டால், தைரியமாகப் பஸ் ஏறலாம்.