ஒரு பணம், இரண்டு வவுச்சர்

இணையக் கடையொன்றில் வாடிக்கையாளர் 1,000 ரூபாய் கட்டி ஒரு பரிசு வவுச்சர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கிலிருந்து பணம் ஒருமுறைதான் போகிறது. மின்னஞ்சலிலோ இரண்டு வவுச்சர் எண்கள் வருகின்றன, இரண்டுமே செல்லுகின்றன. நிரலின் எந்தப் பகுதியைத் தனியாக எடுத்துப் படித்தாலும் பிழை தெரியாது. இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் ஓடும்போதுதான் அது பிறக்கிறது.

பணம் வந்துவிட்டதா என்பதைக் கடையின் சர்வர் இரண்டு வழிகளில் அறிகிறது. பேமெண்ட் கேட்வே தானாகவே அனுப்பும் செய்தி வெப்ஹுக். சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்வேயிடம் நிலவரம் கேட்டுக்கொண்டே இருப்பது போலிங். வெப்ஹுக் தாமதமாகலாம், சில நேரம் வராமலே போகலாம். யுபிஐ கட்டணம் சிறிது நேரம் முடிவு தெரியாமல் நிற்பதும் உண்டு. வாடிக்கையாளரோ திரையைப் பார்த்தபடி காத்திருப்பார். அதனால் இரண்டு வழிகளையும் வைத்திருப்பது தவறில்லை. இரண்டுக்கும் வவுச்சர் அனுப்பும் அதிகாரத்தைத் தனித்தனியே கொடுப்பதுதான் தவறு.

4182 என்ற ஆர்டரை எடுத்துக்கொள்வோம். வெப்ஹுக் வந்ததும் நிரல் டேட்டாபேஸைப் பார்க்கிறது, நிலை `PENDING`. அடுத்த 20 மில்லி நொடியில் போலிங்குக்கும் ‘பணம் வந்தது’ என்ற பதில் கிடைக்கிறது. அதுவும் டேட்டாபேஸைப் பார்க்கிறது, இன்னும் `PENDING`தான். வவுச்சர் நிறுவனத்தின் ஏபிஐ பதில் சொல்ல அரை நொடி ஆகும். அதற்குள் இரண்டும் அதை அழைத்துவிடுகின்றன. பிறகு இரண்டும் நிலையை `PAID` என்று மாற்றுகின்றன. கடைசியில் டேட்டாபேஸில் இருப்பது ஒரே ஆர்டர், ஒரே `PAID`. நடந்த குளறுபடிக்கு அங்கே தடயமே இல்லை. வவுச்சர் நிறுவனத்தின் பில்லோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

வழக்கமாகச் செய்யப்படும் திருத்தங்கள் இதைத் தடுப்பதில்லை. வெப்ஹுக்கின் நிகழ்வு எண்ணைச் சேமித்து, மறுபடி வந்தால் ஒதுக்கலாம். அது மீண்டும் அனுப்பப்பட்ட வெப்ஹுக்கைத்தான் பிடிக்கும். போலிங்குக்கு நிகழ்வு எண்ணே கிடையாது. நினைவகத்தில் பூட்டு வைக்கலாம். ஆனால் போலிங் ஒரு சர்வரிலும் வெப்ஹுக் இன்னொரு சர்வரிலும் ஓடினால் ஒன்றின் பூட்டு மற்றதற்குத் தெரியாது.

பார்ப்பதும் மாற்றுவதும் ஒரே செயலாக வேண்டும்:

```sql
UPDATE orders SET status = 'PAID'
WHERE id = 4182 AND status = 'PENDING';
```

இரண்டு பக்கமும் இதே வரியை இயக்கட்டும். முதலில் வருவது அந்த வரிசையைப் பூட்டி மாற்றுகிறது, மற்றது காத்திருக்கிறது. பூட்டு விலகியதும் போஸ்ட்கிரஸ் போன்ற டேட்டாபேஸ், வழக்கமான அமைப்பில், நிபந்தனையை மறுபடி சோதிக்கும். இப்போது நிலை `PENDING` இல்லை. ஆகவே முதலாவதுக்கு மாறிய வரிசைகள் 1, இரண்டாவதுக்கு 0. 1 கிடைத்தவருக்கே வவுச்சர் அனுப்பும் உரிமை.

இதில் ஓர் ஓட்டை உண்டு. `PAID` என்று எழுதிய மறுகணமே சர்வர் விழுந்தால் பணம் வாங்கியாகிவிட்டது, வவுச்சர் போகாது. அடுத்து வருபவர்களும் 0 பார்த்துத் திரும்பிவிடுவார்கள். எனவே அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் ‘4182க்கு வவுச்சர் அனுப்பு’ என்ற வேலையையும் ஓர் அட்டவணையில் எழுதிவிட வேண்டும். அங்கே ஆர்டர் எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு இருக்கட்டும். வவுச்சர் ஏபிஐயைத் தனி வொர்க்கர் ஒன்று அழைக்கும். அதுவும் பாதியில் விழுந்து மறுபடி முயலலாம். ஆகவே ஒவ்வொரு முயற்சியிலும் ஒரே ஆர்டர் எண்ணை அடையாளமாக அனுப்ப வேண்டும். அந்த அடையாளத்தை ஏபிஐ மதிக்காவிட்டால், மறுமுயற்சிக்கு முன் ‘இந்த ஆர்டருக்கு ஏற்கெனவே கொடுத்தீர்களா’ என்று அதனிடம் கேட்டாக வேண்டும்.

ஸ்ட்ரைப் நிறுவனத்தின் வழிகாட்டியும் இதையே எதிர்பார்க்கிறது: ஆர்டரை நிறைவேற்றும் செயற்கூறு ஒரே கட்டணத்துக்குப் பலமுறை, ஒரே நேரத்திலும்கூட அழைக்கப்படலாம், அதைத் தாங்கும்படி எழுதுங்கள் என்கிறது.

சோதிப்பதும் எளிது. சோதனைச் சர்வரில், நிலையைப் படிப்பதற்கும் ஏபிஐயை அழைப்பதற்கும் நடுவே 2 நொடி தூக்கம் வையுங்கள். வெப்ஹுக்கையும் போலிங்கையும் ஒன்றாக ஏவி, வவுச்சர் அழைப்புகளை எண்ணுங்கள். பழைய நிரலில் 2 வரும், திருத்திய நிரலில் 1.

0 கிடைத்த பக்கம் பேசாமல் திரும்புவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அதன் கையிலுள்ள பேமெண்ட் எண், பதிவான எண்தானா? வேறு எண் என்றால் வாடிக்கையாளர் உண்மையிலேயே இருமுறை கட்டியிருக்கிறார். அப்போது அனுப்ப வேண்டியது வவுச்சர் அல்ல, ரீஃபண்ட்.