மின்னஞ்சல் இணைப்பை மாற்றும்போது பழைய கணக்கை அழித்துவிடாதீர்கள்

கம்பளையில் இருந்தபடி ஒரு சிறிய மின்னஞ்சல் சேவையைப் பராமரித்து வருகிறேன். கணக்கு வைத்திருப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, இங்கே மலையகம், அதற்கப்பால் ஜேர்மனி, சுவிஸ், கனடா என்று யுத்தம் சிதறடித்த குடும்பங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றிய முறைப்பாடுகள், காணி உறுதிகளின் பிரதிகள், சட்டத்தரணிகளுடனான கடிதப் போக்குவரத்து எல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன.

கடந்த வாரம் எல்லோருக்கும் ஓர் அறிவித்தல் அனுப்பினேன். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து, குறியாக்கம் செய்யப்படாத இணைப்பு எதையும் எமது வழங்கி ஏற்காது, உங்கள் மின்னஞ்சல் செயலியின் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். மறுநாளே தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. "தம்பி, பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரிதானே?" என்றுதான் பாதிப் பேர் கேட்டார்கள். சரியில்லை. சிலருக்கு அது பத்து வருடக் கடிதங்களைக் கிணற்றில் போட்டதற்குச் சமம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. குரோம், ஃபயர்பொக்ஸ் போன்ற உலாவியைத் திறந்து, அதற்குள் மின்னஞ்சல் பார்ப்பவர்கள் எதையும் மாற்றத் தேவையில்லை. இந்த மாற்றம் தண்டர்பேர்ட், அவுட்லுக், போனிலுள்ள மெயில் செயலி போன்றவற்றில், வழங்கியின் பெயரையும் எண்களையும் கையால் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே.

குறியாக்கம் இல்லாத இணைப்பு என்றால் என்ன? பழைய அமைப்பில் உங்கள் செயலி வழங்கியுடன் பேசும் பேச்சு, கம்பியிலும் காற்றிலும் அப்படியே இப்படித்தான் போகிறது:

```
+OK POP3 ready
USER amma@example.org
+OK
PASS vanni1979
+OK Logged in
```

கடவுச்சொல் ஒளிவுமறைவில்லாமல் நான்காவது வரியில் நிற்கிறது. அதற்குப் பின் வரும் கடிதங்களும் இதே கோலந்தான். தபாலட்டையில் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் வாசிப்பது போல, நீங்கள் இணைந்திருக்கும் வைஃபையை நடத்துபவரும் இடையிலுள்ள நிறுவனங்களும் இதைப் பார்க்கலாம். அதுவும் செயலி சில நிமிடங்களுக்கு ஒரு தடவை புதுக் கடிதம் இருக்கிறதா என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைத் திரும்பச் சொல்கிறது.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. வீதிகளைப் படம் பிடிக்கச் சென்ற கூகுள் நிறுவனத்தின் கார்கள், பூட்டப்படாத வைஃபை இணைப்புகளில் பறந்துகொண்டிருந்த தரவையும் சேர்த்து அள்ளியிருந்தன. சில இடங்களில் முழு மின்னஞ்சல்களும் கடவுச்சொற்களும் அதற்குள் இருந்ததை 2010இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. தெருவால் போன காருக்கே அவ்வளவு கிடைத்ததென்றால், தேடி உட்கார்ந்து கேட்பவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"விரும்பியவர்கள் மாறட்டும், ஏன் கட்டாயப்படுத்துகிறீர்கள்?" என்று பெர்லினிலிருந்து ஒருவர் கேட்டார். பதில் அவர் இருக்கும் நாட்டிலேயே இருக்கிறது. ஜேர்மனியில் நம்மவர்கள் பலர் வைத்திருக்கும் ஜிஎம்எக்ஸ், வெப்.டிஇ, ரி-ஒன்லைன் கணக்குகளில் பாதுகாப்பான இணைப்பு முன்பே இருந்தது. ஆனால் ஒருமுறை அமைத்த செயலியை வேலை செய்யும்வரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. 2013இல் எட்வேர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அங்கே பெரும் கொந்தளிப்பை உண்டாக்கின. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் டொய்ச் ரெலிகொம் நிறுவனமும் ஜிஎம்எக்ஸ், வெப்.டிஇ ஆகியவற்றின் உரிமையாளரும் கூட்டாக ஒரு முடிவை அறிவித்தனர். 2014 வசந்த காலத்தில், குறியாக்கம் இல்லாத வாசல்களை மூடினார்கள். இணையத்தின் தொழில்நுட்ப நியமங்களை வகுக்கும் அமைப்பும் 2018 ஜனவரியில், மின்னஞ்சல் செயலிகளுக்கு வெளிப்படையான இணைப்பு இனி காலாவதியானது என்று எழுதிவிட்டது. நாங்கள் பிந்தித்தான் வந்து சேர்கிறோம்.

இனி மாற்ற வேண்டியவை. எமது வழங்கியின் பெயர் உங்களுக்கு வந்த அறிவித்தலில் இருக்கிறது. இங்கே அதற்குப் பதிலாக ஒரு மாதிரிப் பெயரைப் போடுகிறேன்:

```
IMAP   mail.example.org   993   SSL/TLS
POP3   mail.example.org   995   SSL/TLS
SMTP   mail.example.org   465   SSL/TLS
```

முதல் இரண்டில் நீங்கள் பயன்படுத்துவது ஒன்றுதான். மூன்றாவது கடிதம் அனுப்புவதற்கானது, எல்லோருக்கும் வேண்டும். பழைய எண்கள் 143, 110, 25. கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லை என்று யாராவது சொன்னால், SMTP வரியை மறந்துவிட்டார் என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

பட்டியலில் STARTTLS என்ற இன்னொரு தெரிவும் இருக்கும். அதில் பேச்சு வெளிப்படையாகத் தொடங்கி, "இனிப் பூட்டிக்கொண்டு பேசுவோமா?" என்று செயலி கேட்டபின் பூட்டப்படுகிறது. கண்டிப்பாகப் பூட்டியே பேசும்படி அமைத்தால் பிழையில்லை. சில பழைய செயலிகளில் "if available" என்ற வாலோடு ஒரு தெரிவு இருக்கும். அதை எடுக்க வேண்டாம். இடையில் நிற்பவர் அந்தப் பூட்டும் அழைப்பை அழித்துவிட்டால், செயலி ஒன்றும் சொல்லாமல் திறந்தபடியே பேசிக்கொண்டு போகும். ஒரு வழங்கி இன்னொரு வழங்கிக்குக் கடிதம் கொடுக்கும் வழியில் இதே தந்திரம் நடப்பதை 2015இல் ஆய்வாளர்கள் அளந்தார்கள். தூனிசியாவிலிருந்து ஜிமெயிலுக்குப் போன கடிதங்களில் 96 சதவீதம் இப்படிப் பூட்டுக் கழற்றப்பட்டே போயிருந்தன. முதற்சொல்லிலிருந்தே பூட்டிப் பேசும் SSL/TLS தெரிவில் அழிப்பதற்கு அழைப்பே இல்லை.

இப்போது கணக்கை அழிக்கும் விஷயம்.

எங்கள் பயனர்களில் ஒரு அம்மா கம்பளைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தின் பின் குடும்பத்தோடு கிளிநொச்சிக்குப் போனார். 2009இல் மகனைத் தொலைத்துவிட்டு, இப்போது இங்கே அக்காவின் வீட்டில் இருக்கிறார். தம்பி ஜேர்மனியிலிருந்து அனுப்பிய லப்டொப்பில் 2012 முதல் தண்டர்பேர்ட் வைத்திருக்கிறார். மகனைப் பற்றி ஆணைக்குழுக்களுக்கு அனுப்பியவை, கிடைத்த பதில்கள், பதிவு இலக்கங்கள், கடிதத்தோடு வந்த படங்கள் எல்லாம் அதில். திறந்து பார்த்தபோது POP3, எண் 110, Connection security என்ற இடத்தில் None. அதற்குக் கீழே கடவுச்சொல் அனுப்பும் முறை "Password, transmitted insecurely" என்று செயலியே சொல்லிக்கொண்டிருந்தது. "Leave messages on server" என்ற கட்டத்தில் சரிக்குறி இல்லை.

கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்து. IMAP முறையில் கடிதங்கள் வழங்கியிலேயே இருக்கும், செயலி அவற்றைக் காட்டும். POP3 முறை தபால் பெட்டியைத் திறந்து கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போவது போன்றது. அந்தச் சரிக்குறி இல்லாவிட்டால் எடுத்தவுடன் வழங்கியில் அழிந்துவிடும். இருந்தாலும் தண்டர்பேர்ட் வழமையாக 14 நாட்களே விட்டுவைக்கும். ஆகவே அந்த அம்மாவின் கடிதங்களுக்கு உலகத்திலேயே ஒரேயொரு பிரதிதான், அந்த லப்டொப்பில். கணக்கை அழிக்கும்போது தரவையும் அழிக்கச் சம்மதித்திருந்தால், எங்கள் பக்கத்திலிருந்து திருப்பித் தர ஒன்றுமே இருந்திருக்காது.

அதனால் எண்களில் கை வைக்கும் முன் பிரதி எடுத்தோம். தண்டர்பேர்டில் Help, அதற்குள் Troubleshooting Information. அங்கே Profile Folder என்ற வரியின் பக்கத்திலுள்ள பொத்தான், கடிதங்கள் இருக்கும் இடத்தைத் திறந்து காட்டும். செயலியை மூடிவிட்டு அந்தக் கோப்புறை முழுவதையும் ஒரு பென் ட்ரைவில் போட்டோம். இன்னொரு பென் ட்ரைவிலும் போடச் சொன்னார் அக்கா. நல்ல யோசனை.

அதன் பின் கணக்கை அழிக்காமலே Account Settings, Server Settings போய் None என்பதை SSL/TLS ஆக்கினோம். எண் தானாகவே 995 ஆனது. கடவுச்சொல் முறை "Normal password" என்று மாறியது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பூட்டிய குழாய்க்குள் போவதால் அது போதும். ஆனால் கடிதம் எடுக்கும்போது, "Confirm Security Exception" என்ற பொத்தானோடு ஒரு எச்சரிக்கை வந்தது. அதை அழுத்திவிட்டால் எச்சரிக்கை போய்விடும். யார் இடையில் நின்றாலும் நம்புகிறேன் என்று சொன்னதாகவும் ஆகிவிடும். காரணத்தைத் தேடினோம். லப்டொப் அன்றைய திகதியை 2010 ஜனவரி 1 என்று காட்டியது. உள்ளே மணிக்கூட்டுக்கான சின்ன மின்கலம் செத்துவிட்டது. அந்தக் கணக்குப்படி எமது வழங்கியின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. திகதியைச் சரிசெய்ததும் எச்சரிக்கை வரவில்லை. திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், வழங்கியின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பழைய பெயரோ வெறும் எண் முகவரியோ இருந்தால் சான்றிதழோடு பொருந்தாது. அதுவும் சரியென்றால் எதையும் அழுத்தாமல் எனக்கு அழையுங்கள்.

பழைய கடிதங்களை வழங்கிக்கும் ஏற்ற விரும்புகிறவர்கள், அதே முகவரியை IMAP முறையில் இரண்டாவது கணக்காகச் சேர்த்து, அதில் புதிதாக ஒரு கோப்புறை திறந்து அங்கே பிரதி பண்ணலாம். Inbox இல் போடாதீர்கள், பழைய POP3 கணக்கு அவற்றை மறுபடி எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

எல்லா எண்களும் சரியாக இருந்தும் பழைய போன் ஒன்று இணைய மறுத்தால், குறை போனின் வயதில் இருக்கலாம். அண்ட்ரொய்ட் 4.4 உம் அதற்கு முந்தியவையும் இன்றைய குறியாக்க முறையைத் தாமாக இயக்குவதில்லை. அந்தப் போனுக்காகப் பழைய வாசலைத் திறந்து வைக்க முடியாது.

இந்தப் பூட்டு எதைக் காக்காது என்பதையும் சொல்லவேண்டும். உங்கள் செயலிக்கும் வழங்கிக்கும் இடைப்பட்ட வழியை மட்டுமே அது காக்கிறது. வழங்கியில் கடிதம் வாசிக்கக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. பராமரிப்பவன் என்ற முறையில் நான் நினைத்தால் பார்க்க முடியும். பெறுபவரின் பெட்டியும் அப்படித்தான். யாராவது உங்கள் போனையே வாங்கித் திறந்து பார்த்தால் இது ஒன்றும் செய்யாது. சாட்சி ஒருவரின் பெயரும் விலாசமும் போன்ற விடயங்களை மின்னஞ்சலில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு, முடிந்தால் எழுதாதீர்கள் என்றே இப்போதும் சொல்கிறேன்.

கடைசி வேலை கடவுச்சொல். இத்தனை வருடமாக அது திறந்தபடி பயணம் செய்திருக்கிறது, ஆகவே மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் உங்கள் லப்டொப், போன், பிள்ளையின் போன் என்று அந்தக் கணக்கு இருக்கும் எல்லாக் கருவிகளிலும் இணைப்பை மாற்றுங்கள். பிறகுதான் உலாவியில் போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஒரு கருவி பழைய அமைப்பில் மிஞ்சியிருந்து, அதில் புதிய கடவுச்சொல்லைப் பதிந்தீர்களானால், அது புதியதையும் உரக்கச் சொல்லிவிடும். முதலாம் திகதிக்குப் பின் 110, 143 வாசல்களை முழுதாகவே மூடுவதும் இதனால்தான். வாசலைத் திறந்து வைத்து, உள்ளே விடாமல் மட்டும் மறுத்தால், சில பழைய செயலிகள் மறுப்பு வருமுன்பே கடவுச்சொல்லைச் சொல்லிவிடுகின்றன.