அனுப்பியது 2,000 ரிங்கிட். ஊருக்குப் போய்ச் சேர்ந்தது ஏன் குறைவு? அத்தைக்குக் கணக்குச் சொல்வது எப்படி?

ஈப்போவில் ஒரு வங்கிக் கிளையில் 2,000 ரிங்கிட் கட்டியாச்சு. திருச்சி பக்கம் துறையூரில் இருக்கும் அத்தைக்கு, பாட்டியின் கண் ஆபரேஷன் செலவுக்கு. கைப்பேசியில் ரேட் பார்த்து, "40,000 ரூபாய் வரும்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லியும் விட்டீர்கள். மூன்று நாள் கழித்து அத்தையின் கணக்கில் ஏறியது 37,313 ரூபாய்.

குறைந்தது 2,687 ரூபாய். அத்தைக்கு உங்கள் மேல் சந்தேகம், உங்களுக்கு வங்கியின் மேல் சந்தேகம். ஆனால் ரசீதில் கட்டணம் என்று போட்டிருப்பது வெறும் 22 ரிங்கிட், அதாவது 440 ரூபாய்தான். மீதி எங்கே போனது?

இங்கே வரும் ரேட்டும் கட்டணமும் கணக்கு எளிதாக இருக்க எடுத்துக்கொண்டவை. வங்கிக்கு வங்கி, நாளுக்கு நாள் அவை மாறும். ஆனால் காசு குறையும் இடங்கள் மாறாது.

40,000 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கூகுளில் தெரிவது நடு ரேட். பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் எண் அது. அந்த விலைக்கு உங்களுக்கோ எனக்கோ யாரும் காசு மாற்றித் தருவதில்லை. நம் உதாரணத்தில் 1 டாலர் 4.25 ரிங்கிட், அதே 1 டாலர் 85 ரூபாய். அப்படியென்றால் 1 ரிங்கிட்டுக்கு 20 ரூபாய். 2,000 ரிங்கிட்டுக்கு 40,000. கணக்கு சரிதான், ஆனால் அது கடையில் கிடைக்காத விலை.

ரிங்கிட் அனுப்பினால் நடுவில் டாலர் எதற்கு?

1998-ஆம் ஆண்டு நிதி நெருக்கடிக்குப் பிறகு, ரிங்கிட்டை மலேசியாவுக்கு வெளியே வாங்கி விற்க முடியாது. ஈப்போவில் உள்ள உங்கள் வங்கிக்கும் துறையூர் அத்தையின் வங்கிக்கும் நேரடியாகக் கணக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் நியூயார்க்கில் ஏதாவது ஒரு பெரிய வங்கியில் டாலர் கணக்கு இருக்கும். அதனால் டி.டி. என்று நாம் சொல்லும் வங்கிப் பரிமாற்றம் பல நேரம் ரிங்கிட், டாலர், ரூபாய் என்று இரண்டு முறை மாறிப் போகிறது. மாறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் குறையும்.

காசு குறைந்த ஐந்து இடங்கள்

முதலில் ஈப்போ வங்கியின் கட்டணம், 22 ரிங்கிட். கையில் மிச்சம் 1,978 ரிங்கிட். ரூபாயில் பார்த்தால் 440 குறைந்தது.

இரண்டாவது, அதே வங்கியின் டாலர் விலை. நடு ரேட் 4.25 என்றாலும் வங்கி உங்களுக்கு டாலரை 4.30-க்கு விற்கிறது. 1,978 ரிங்கிட்டுக்கு 460 டாலர் கிடைக்கும். வெறும் 5 சென் வித்தியாசம்தான், ஆனால் அதில் 460 ரூபாய் போய்விட்டது. ரசீதில் இதற்கென்று தனி வரி இருக்காது.

மூன்றாவது, வழியில் இருக்கும் நியூயார்க் வங்கி. கடத்திவிட்டதற்குக் கூலியாக அது 15 டாலரை அந்தத் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 460 டாலர் 445 ஆகிறது. இது 1,275 ரூபாய். ஐந்து இடங்களில் பெரிய அடி இதுதான், நீங்கள் பார்க்கவே பார்க்காத அடியும் இதுதான்.

நான்காவது, துறையூர் வங்கியின் ரேட். நடு ரேட் 85, ஆனால் அந்த வங்கி டாலரை 84-க்கு வாங்குகிறது. 445 டாலருக்கு 37,380 ரூபாய். இங்கே 445 ரூபாய் குறைந்தது.

ஐந்தாவது, இந்தியாவின் ஜி.எஸ்.டி. வரி. பலர் நினைப்பது போல் இது முழுத் தொகைக்கும் போடும் 18 சதவீதம் இல்லை. 1 லட்சம் ரூபாய் வரை மாற்றினால், அதில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து, அந்த மதிப்புக்கு மட்டும் 18 சதவீதம் வரி. குறைந்தது 45 ரூபாய். நம் கணக்கில் 67 ரூபாய்.

440, 460, 1,275, 445, 67. கூட்டினால் 2,687. யாரும் திருடவில்லை. ஆனால் ரசீதில் கண்ணுக்குத் தெரிந்தது இதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

நியூயார்க்கில் எடுத்தார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் அனுப்பும் படிவத்தில் வெளிநாட்டுக் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு கட்டம் இருக்கும். `OUR` என்றால் எல்லாம் உங்கள் தலையில், ஈப்போவிலேயே கூடுதலாகக் கட்டிவிடுவீர்கள். `SHA` என்றால் உங்கள் வங்கிக் கட்டணம் உங்களுக்கு, வழியிலும் அந்தப் பக்கமும் ஆகும் செலவு அத்தைக்கு. `BEN` என்றால் எல்லாமே அத்தைக்கு. அவசரத்தில் பலர் இந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

குறைந்த பிறகு விசாரிக்க, ஸ்விஃப்ட் செய்தியின் நகலைக் கேளுங்கள். ஒரு விஷயம் முக்கியம்: ஈப்போ வங்கி தரும் நகலில் 460 டாலர் என்றுதான் இருக்கும். ஏனென்றால் அங்கிருந்து புறப்பட்டது 460. நடுவில் எடுத்தது தெரிய வேண்டுமானால் அத்தையின் வங்கிக்கு வந்த செய்தியைப் பார்க்க வேண்டும். பழகிப்போன பழைய அமைப்பில் அது இப்படி இருக்கும்:

```
33B: USD460,
71A: SHA
71F: USD15,
```

`33B` என்பது அனுப்பச் சொன்ன தொகை. `71F` என்பது வழியில் கழித்தது. எண்ணுக்குப் பின்னால் வரும் காற்புள்ளிதான் இங்கே தசமப் புள்ளி. 2025 நவம்பரிலிருந்து வங்கிகள் தங்களுக்குள் புதிய அமைப்புக்கு மாறிவிட்டன. அதில் `SHA` என்பது `SHAR` என்று வரும். அர்த்தம் அதேதான்.

நகல் கிடைக்கவில்லை என்றால் அத்தை தன் கிளையில் வெளிநாட்டுப் பண வரவுக்கான அட்வைஸ் கேட்கலாம். எத்தனை டாலர் வந்தது, எந்த ரேட்டில் மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். 445 என்று இருந்தால் 15 டாலர் வழியிலேயே போயிருக்கிறது, துறையூர் கிளைக்கு அதில் சம்பந்தமில்லை.

தாத்தா காலத்திலும் இதே கேள்விதான்

பேராவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஊருக்கு மணியார்டர் அனுப்பிய காலத்திலும் இந்தக் குழப்பம் வந்திருக்கும். அப்போது மலாயா டாலர், இந்திய ரூபாய் இரண்டுக்கும் நடுவில் நின்றது பிரிட்டிஷ் பவுண்டு. 1906 முதல் இங்குள்ள 1 டாலர் 28 பென்ஸ். ரூபாயோ 16 பென்ஸ். எனவே 10 டாலருக்கு 17 ரூபாய் 8 அணா. 1927-இல் இந்திய அரசு ரூபாயின் மதிப்பை 18 பென்ஸ் என்று சட்டமாக்கியது. அந்த ரேட்டில் அதே 10 டாலருக்குக் கிட்டத்தட்ட 15 ரூபாய் 9 அணாதான். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் கூலியில் ஒரு காசும் குறையவில்லை. ஆனால் ஊரில் இருந்தவர் கைக்கு ஏறக்குறைய 2 ரூபாய் குறைந்தது. நடுவில் நிற்கும் மூன்றாவது காசுதான் அன்றும் இன்றும் கணக்கைக் குழப்புகிறது.

அத்தைக்கு இப்படி எழுதலாம்

போனில் சொன்னால் எண்கள் காற்றில் போய்விடும். எழுதி அனுப்பினால் அத்தை வங்கிக்கே கொண்டுபோய்க் காட்டலாம். உங்கள் எண்களைப் போட்டு இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

> அன்புள்ள அத்தைக்கு,
>
> நாங்கள் எல்லாரும் நலம். பாட்டி எப்படி இருக்காங்க?
>
> பணம் குறைவா வந்ததுன்னு சொன்னீங்க. நான் கட்டினது 2,000 ரிங்கிட், ரசீது படம் இதோடு இருக்கு. 40,000-ங்கிறது கூகுள்ல காட்டுற ரேட். அந்த ரேட்டுக்கு எந்த வங்கியும் மாத்தித் தராது.
>
> இங்க வங்கிக் கட்டணம் 22 ரிங்கிட் போக, 460 டாலரா மாத்தி அனுப்பினாங்க. வழியில அமெரிக்க வங்கி 15 டாலர் எடுத்துக்கிச்சு. உங்க வங்கிக்கு வந்தது 445 டாலர். அவங்க 84 ரூபாய்க்கு மாத்தினா 37,380. அதுல வரி 67 போக 37,313. உங்க பாஸ்புக்ல இருக்கிற எண் இதுதான்.
>
> உங்க கிளையில வெளிநாட்டுப் பண வரவு அட்வைஸ் ஒண்ணு கேட்டு வாங்குங்க அத்தை. அதுல 445 டாலர், 84 ரூபாய்னு இருந்தா எல்லாம் சரி. வேற எண் இருந்தா படம் எடுத்து அனுப்புங்க, நான் இங்க கேட்கிறேன்.
>
> ஆஸ்பத்திரிக்குக் குறையுற 2,687 ரூபாயைத் தனியா அனுப்பிடறேன். பாட்டிக்குத் தேதி தள்ளிப்போட வேண்டாம்.

அந்த 2,687-ஐ எப்படி அனுப்புவது?

அதே வழியில் அனுப்பினால் இன்னொரு 22 ரிங்கிட், இன்னொரு 15 டாலர் போகும். இவை தொகையைப் பார்த்து மாறாத கட்டணங்கள். 2,000 ரிங்கிட்டை 500, 500-ஆக நான்கு முறை அனுப்பினால், இந்த இரண்டுக்கு மட்டும் 1,715 ரூபாய்க்குப் பதில் 6,860 ரூபாய் போய்விடும். மாதாமாதம் சின்னத் தொகை அனுப்பும் குடும்பங்களுக்கு இந்த வழி கட்டுப்படியாகாது.

சின்னத் தொகைக்குப் பணம் அனுப்பும் நிறுவனங்கள் பெரும்பாலும் மலிவு. அவை இந்திய வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்திருந்து, அங்கிருந்தே ரூபாயாகக் கொடுக்கின்றன. நியூயார்க் வங்கி குறுக்கே வராது, காசு ஒரு முறைதான் மாறும். அப்படி ஒரு நிறுவனம் 10 ரிங்கிட் கட்டணம், ரேட் 19.70 என்று சொன்னால் 2,000 ரிங்கிட்டுக்கு 39,203 ரூபாய் போகும். பக்கத்துக் கடையில் "கட்டணமே இல்லை" என்று போர்டு இருக்கும், ரேட் 19.40. அங்கே 38,800 ரூபாய்தான். இலவசம் என்ற கடையில் 403 ரூபாய் குறைவு.

அந்த நிறுவனத்துக்கு பேங்க் நெகாராவின் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உண்டியலில் ரேட் நன்றாக இருக்கும், ஆனால் காசு போய்ச் சேராவிட்டால் கேட்க ரசீதும் இருக்காது, ஆளும் இருக்காது.

கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நான் 2,000 ரிங்கிட் தந்தால், அந்தப் பக்கம் கையில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?" இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள், பெரிய எண் சொல்பவரிடம் கட்டுங்கள். அந்த எண்ணை எழுதி வாங்கிய பிறகு அத்தைக்குச் சொல்லுங்கள்.