குழந்தையின் பிரஷ்ஷில் ஒரு அரிசி

இரண்டு வயதுக் குழந்தையின் பிரஷ்ஷிலும் பேஸ்ட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிதுக்கிவிடுகிறோம். விளம்பரத்தில் பார்த்துப் பழகிய அளவு அது. அடுத்த முறை பக்கத்தில் ஒரே ஒரு அரிசியை வைத்துப் பாருங்கள். முதல் பல் முளைத்ததிலிருந்து மூன்று வயது வரை அந்த அரிசி அளவுதான் தேவை. மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. ஊறி உப்பிய பட்டாணி அல்ல, காய்ந்த பட்டாணி.

காரணம், இந்த வயதில் குழந்தைக்குத் துப்பத் தெரியாது. வாயில் வைத்ததில் பெரும்பகுதி வயிற்றுக்குத்தான் போகும். 1000 பிபிஎம் பேஸ்ட் ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃப்ளூரைடு இருக்கிறது. அரிசி அளவு என்பது சுமார் 0.1 கிராம். இருவேளை தேய்த்து முழுவதையும் விழுங்கினாலும் 0.2 மில்லிகிராம்தான். பிரஷ் நிறைய வைத்தால் ஒரு வேளைக்கே ஏறக்குறைய ஒரு கிராம். இருவேளைக்கு 2 மில்லிகிராம். உணவு, தண்ணீர் எல்லாம் சேர்த்தே ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 1.3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க நிபுணர்கள் வகுத்த மேல்வரம்பு. அந்த வயதில்தான் ஈறுக்குள் நிலையான முன்பற்களின் எனாமல் உருவாகிறது. நாள்தோறும் அளவு மீறினால், ஏழெட்டு வயதில் முளைக்கும் பல்லில் வெள்ளைக் கோடுகளும் திட்டுகளும் தெரியும். பிறகு அவை தானாக மறையாது.

இதற்குப் பயந்து சிலர் 500 பிபிஎம் பேஸ்ட்டுக்கோ, ஃப்ளூரைடே இல்லாத பேஸ்ட்டுக்கோ மாறுகிறார்கள். அது சரியான வழி அல்ல என்பேன். 1000 பிபிஎம்முக்குக் கீழே போனால் சொத்தையைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் பலவீனமாக இருக்கிறது. குறைக்க வேண்டியது அளவை, வீரியத்தை அல்ல. இந்தியாவில் பேஸ்ட்டுக்குச் சட்டப்படி உச்சவரம்பே 1000 பிபிஎம்தான். டியூபில் அந்த எண்ணை அச்சிட வேண்டும். கார்ட்டூன் படத்தை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள போர்வெல் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால், அரிசி அளவு பேஸ்ட்டைப்போல் 15 மடங்கு உள்ளே போகிறது. அங்கே முதலில் மாற்ற வேண்டியது குடிநீரை. பேஸ்ட் பற்றி உள்ளூர்ப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ஸ்ட்ராபெர்ரி வாசனைக்காகக் குழந்தை டியூபையே சப்பிவிட்டால்? கொஞ்சம் என்றால் வயிற்றுவலி, வாந்தி வரலாம். பால் கொடுங்கள், அதிலுள்ள கால்சியம் ஃப்ளூரைடைப் பிடித்துக்கொள்ளும். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது ஆபத்துக் கோடு. 12 கிலோ குழந்தைக்கு அது 60 கிராம் பேஸ்ட், அதாவது 100 கிராம் டியூபில் பாதிக்கு மேல். அந்த அளவை நெருங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் டியூபோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆறு வயது வரை பேஸ்ட்டைப் பிதுக்குவது பெரியவர் கையாகவே இருக்கட்டும்; தேய்த்து முடித்ததும் டியூப் எட்டாத அலமாரிக்குப் போகட்டும்.